ஆபீஸ் மெயிலில் இருந்த வாட்ஸப் பேக்கப்பை மீட்க யாருக்கு, என்ன எழுதுவது?

கேள்வி: சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியை விட்டு வந்து இரண்டு வாரம் ஆகிறது. புது ஆண்ட்ராய்டு போனில் என் சொந்த ஜிமெயிலைப் போட்டேன். நம்பர் அதேதான், ஆனால் வாட்ஸப்பில் பழைய சாட் ஒன்றுமே இல்லை. பேக்கப் ஆபீஸ் மெயிலில் போய்க்கொண்டிருந்திருக்கிறது. பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டேன். சப்போர்ட் டீமுக்கு எப்படி எழுதிக் கேட்பது?

பதில்:

வாட்ஸப் சப்போர்ட்டுக்கு எழுதாதீர்கள். எழுத வேண்டிய இடம் உங்கள் பழைய கம்பெனியின் ஐடி ஹெல்ப்டெஸ்க். அதையும் இன்றைக்கே எழுதுங்கள். அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது.

ஒரு மெசேஜ் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸப் அதைத் தன் சர்வரிலிருந்து அழித்துவிடும். போய்ச் சேராத மெசேஜ்தான் அதிகபட்சம் 30 நாள் அங்கே காத்திருக்கும். ஆகவே உங்கள் பழைய சாட் அவர்களிடம் இல்லை, எவ்வளவு கெஞ்சி எழுதினாலும் அவர்களால் தர முடியாது. சாட் முழுவதும் இருப்பது ஆபீஸ் கூகுள் அக்கவுன்ட்டின் டிரைவில், வாட்ஸப் மட்டுமே திறக்கக்கூடிய மறைவான ஒரு பகுதியில். அந்த அக்கவுன்ட் கம்பெனிக்குச் சொந்தம். அதைத் திறந்துவிடும் அதிகாரம் அங்குள்ள அட்மினுக்குத்தான்.

வேலையை விட்டுப் போகிறவரின் அக்கவுன்ட்டைக் கம்பெனிகள் இரண்டில் ஒரு விதமாகக் கையாளும். சில இடங்களில் சஸ்பெண்ட் செய்து வைப்பார்கள். அப்படியென்றால் உள்ளே இருப்பது அப்படியே இருக்கும், பதற வேண்டாம். சில இடங்களில் டெலீட்டே செய்துவிடுவார்கள். டெலீட் செய்த பயனரை, கம்பெனிகளுக்கான கூகுள் சேவையான கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாளுக்குள் அட்மின் திரும்பக் கொண்டுவரலாம். அதைத் தாண்டினால் அவராலும் முடியாது. நீங்கள் விலகி இரண்டு வாரம் என்கிறீர்கள், கடைசி நாளன்றே டெலீட் செய்திருந்தால் மிச்சம் சில நாட்கள்தான். எது நடந்திருக்கிறது என்று நீங்களே ஓரளவு பார்க்கலாம். accounts.google.com போய் ஆபீஸ் மெயில் ஐடியை அடியுங்கள். "Couldn't find your Google Account" என்று வந்தால் பெரும்பாலும் டெலீட். அட்மினைத் தொடர்புகொள்ளச் சொன்னால் சஸ்பெண்ட். கம்பெனியின் சொந்த லாகின் பக்கத்துக்குப் போய்விட்டால் இதை வைத்துச் சொல்ல முடியாது, போன் போட்டுத்தான் கேட்க வேண்டும்.

கடிதம் போவதற்கு முன் உங்கள் போனில் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். பலரும் கடைசி நேரத்தில் பேக்கப்பை இழப்பது இங்கேதான். வாட்ஸப்பில் Settings > Chats > Chat backup போனால் Google Account என்ற இடமும், பக்கத்திலேயே Back up என்ற பட்டனும் இருக்கும். ஆபீஸ் அக்கவுன்ட் திரும்பக் கிடைத்த சந்தோஷத்தில் அங்கே அதைத் தேர்ந்தெடுத்து அந்தப் பட்டனை அழுத்துவார்கள், பழைய சாட் வந்துவிடும் என்ற நம்பிக்கையில். அந்தப் பட்டன் எதையும் கொண்டுவராது. இப்போது போனில் இருக்கும் வெறும் சாட்டை மேலே ஏற்றி, பழைய பேக்கப்பின் மேல் எழுதிவிடும். ஒரு நம்பருக்கு ஒரு கூகுள் அக்கவுன்ட்டில் கடைசிப் பேக்கப் ஒன்றுதான் இருக்கும். முந்தையதை எடுக்க வழியே இல்லை. எனவே அதே இடத்தில் பேக்கப் இடைவெளியை இப்போதே Off அல்லது Never என்று மாற்றி வையுங்கள். ஆபீஸ் அக்கவுன்ட்டை அந்தப் பக்கத்தில் எக்காரணம் கொண்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இனி கடிதம். உங்கள் பழைய டிக்கெட் போர்ட்டல் மூடியிருக்கும். அதனால் சொந்த மெயிலிலிருந்து ஐடி ஹெல்ப்டெஸ்குக்கு எழுதி, உங்கள் ரிலீவிங் வேலைகளைப் பார்த்த எச்.ஆருக்கும் ஒரு நகல் போடுங்கள். எழுதுவது நீங்கள்தான் என்று உறுதிசெய்ய அவர்களுக்கு எச்.ஆர் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே வரிசையில், இதே அளவில் எழுதலாம்:

> பொருள்: முன்னாள் ஊழியர் அக்கவுன்ட்டைத் தற்காலிகமாகத் திறந்து தர வேண்டுகோள் (20 நாள் கெடு உள்ளது)
>
> வணக்கம்.
>
> என் பெயர் ______, ஊழியர் எண் ______. கடைசி வேலை நாள் ______. ஆபீஸ் மெயில் ஐடி ______.
>
> என் சொந்த நம்பரின் வாட்ஸப் பேக்கப் இந்த அக்கவுன்ட்டின் டிரைவில் இருக்கிறது. அதை என் சொந்த போனில் இறக்கிக்கொள்ள, அக்கவுன்ட்டை 2 நாளைக்குத் திறந்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> அக்கவுன்ட் சஸ்பெண்ட் நிலையில் இருந்தால், இந்த வேலை முடியும்வரை டெலீட் செய்யாமல் வைத்திருங்கள். டெலீட் ஆகியிருந்தால், 20 நாள் முடிவதற்குள் மீட்டெடுத்துத் தாருங்கள்.
>
> எனக்கு ஆபீஸ் மெயிலோ ஃபைல்களோ தேவையில்லை. அக்கவுன்ட்டைத் தனி யூனிட்டில் வைத்து, ஜிமெயில் சேவையை நிறுத்திவிட்டு டிரைவ் சேவையை மட்டும் கொடுத்தால் போதும். அந்த யூனிட்டில் வாட்ஸப்புக்கு டிரைவ் அனுமதி தடைபடாமல் இருக்க வேண்டும்.
>
> தேவைப்பட்டால் அலுவலகத்துக்கே வந்து, உங்கள் ஊழியர் முன்னிலையில் செய்துகொள்கிறேன். முடிந்த உடனே தகவல் தருகிறேன், அதன்பின் அக்கவுன்ட்டை மூடிவிடலாம்.
>
> என் தொடர்பு எண்: ______

இதில் ஒவ்வொரு வரியும் காரணத்தோடுதான் இருக்கிறது. ஐடி டீமின் பயம், வேலையை விட்டவர் ஆபீஸ் மெயிலுக்குள் நுழைவது. "ஜிமெயில் வேண்டாம், டிரைவ் மட்டும்" என்று நீங்களே சொன்னால் அந்தப் பயம் தீரும். யூனிட் என்பது அட்மின் அக்கவுன்ட்டுகளைப் பிரித்து வைக்கும் குழு. சேவைகளை யூனிட் வாரியாகத் திறந்து மூட அட்மின் கன்சோலிலேயே வசதி உண்டு. 2 நாள் என்று கேட்பதற்கும் காரணம் உண்டு. மீட்கும்போது மெசேஜ்கள் முதலில் வந்துவிடும், போட்டோவும் வீடியோவும் பின்னணியில் மெதுவாக இறங்கும். சாட் தெரிகிறதே என்று அன்றே அக்கவுன்ட்டை மூடிவிட்டால் படங்கள் பாதியில் நின்றுபோகும்.

அவர்கள் பதிலுக்கு, "உங்கள் டிரைவ் ஃபைல்களை உங்கள் ஜிமெயிலுக்கு மாற்றித் தருகிறோம்" என்று சொல்லக்கூடும். நல்லெண்ணத்தில் சொல்வார்கள், ஆனால் இதற்கு அது உதவாது. உரிமை மாற்றத்தில் சாதாரண ஃபைல்கள்தான் போகும், ஆப்பின் மறைவான தரவு போகாது. அதே அக்கவுன்ட்டில் நுழைந்து இறக்குவது ஒன்றுதான் வழி என்று பணிவாகத் திரும்பச் சொல்லுங்கள்.

அக்கவுன்ட் கிடைத்ததும் முதலில் பேக்கப் இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டரில் அந்த அக்கவுன்ட்டில் நுழைந்து drive.google.com/drive/backups திறந்தால் வாட்ஸப் பேக்கப்பும் கடைசித் தேதியும் தெரியும். தேதி நீங்கள் பழைய போனைக் கொடுத்த நாளை ஒட்டி இருந்தால் நல்லது. புது போன் வாங்கிய பிறகான தேதி இருந்தால், அதன் மேல் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கலாம்.

அடுத்து, புது போனில் இந்த இரண்டு வாரம் வந்த சாட். பழையதை மீட்டால் இது போய்விடும், இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க முடியாது. முக்கியமான சாட்டைத் திறந்து மேலே உள்ள மூன்று புள்ளி, More, Export chat வழியாக டெக்ஸ்ட் ஃபைலாக எடுத்து வையுங்கள். அது படிப்பதற்கு மட்டும், வாட்ஸப்புக்குள் திரும்ப ஏற்ற முடியாது. குரூப்களில் நீங்கள் இருப்பது மாறாது.

பிறகு போனின் செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ் பகுதிக்குப் போய் ஆபீஸ் அக்கவுன்ட்டைச் சேருங்கள். அப்போது, ஆபீஸ் ஆப்களைப் போனில் தனியாகப் பிரித்து வைக்கும் வொர்க் புரொஃபைலை உருவாக்கச் சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். அக்கவுன்ட் அந்தப் புரொஃபைலுக்குள் போய்விட்டால், வெளியே இருக்கும் வாட்ஸப்பின் கண்ணுக்கு அது தெரியாது. அந்த யூனிட்டுக்கு மொபைல் மேனேஜ்மென்ட்டை அடிப்படை நிலையில் வைக்கும்படி ஐடியிடம் சொல்லுங்கள்.

அக்கவுன்ட் சரியாகச் சேர்ந்ததும் ஃபைல் மேனேஜரில் இந்த ஃபோல்டரைக் கண்டுபிடியுங்கள்:

```
Android/media/com.whatsapp/WhatsApp/Databases
```

புது போனின் உள்ளூர் பேக்கப் இங்கே இருக்கிறது. தினமும் அதிகாலை 2 மணிக்கு வாட்ஸப் தானாக எழுதுவது. மீட்கும்போது இது குறுக்கே வராமலிருக்க, ஃபோல்டரை முழுதாக ஒரு கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துக்கொண்டு, போனில் அதன் பெயரை Databases-old என்று மாற்றுங்கள்.

இப்போது வாட்ஸப்பை அன்இன்ஸ்டால் செய்து, திரும்பப் போட்டு, அதே நம்பரை ஓடிபி மூலம் உறுதிசெய்யுங்கள். கூகுள் அக்கவுன்ட்டைக் கேட்கும்போது ஆபீஸ் அக்கவுன்ட்டைத் தேர்ந்தெடுங்கள். பேக்கப்பின் தேதியும் அளவும் திரையில் வரும். பழைய தேதிதானா என்று பார்த்துவிட்டு Restore கொடுங்கள். நல்ல வைஃபையில், சார்ஜரில் போட்டுச் செய்யுங்கள். பேக்கப் கிடைக்கவில்லை என்று வந்தால் Skip அழுத்திவிடாதீர்கள். மீட்கும் வாய்ப்பு நம்பரைப் பதிவு செய்யும் அந்த நேரத்தில்தான் வரும், விட்டால் மறுபடி அன்இன்ஸ்டாலிலிருந்து தொடங்க வேண்டும். ஆப்பை மூடிவிட்டு, அக்கவுன்ட் சரியா, டிரைவ் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி ஓடிபி கேட்டால் வாட்ஸப் மணிக்கணக்கில் காத்திருக்க வைக்கும், அதனால் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் திரும்பத் திரும்ப முயல வேண்டாம்.

பாஸ்வேர்டு கேட்டால், முன்பு நீங்கள் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப் போட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். நீங்கள் வைத்த பாஸ்வேர்டோ 64 இலக்கச் சாவியோ இல்லாமல் கூகுளும் திறக்காது, வாட்ஸப்பும் திறக்காது.

வாட்ஸப் சப்போர்ட்டுக்கு எழுத நியாயமான இடம் ஒன்றுண்டு. டிரைவில் பேக்கப் தெரிகிறது, நம்பரும் அக்கவுன்ட்டும் சரி, ஆனாலும் மீட்பு ஒரே சதவீதத்தில் நின்றுபோகிறது என்றால் அது அவர்கள் ஆப்பின் பிரச்சினை. அப்போது நம்பரை +91 சேர்த்து, போன் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, எந்தச் சதவீதத்தில் நிற்கிறது, திரையில் வரும் வாசகம் இவற்றைக் கொடுத்து எழுதுங்கள். "என் சாட்டைத் திருப்பித் தாருங்கள்" என்று எழுதினால், பேக்கப் எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கும் பொதுவான பதில்தான் வரும்.

படங்களெல்லாம் இறங்கி முடிந்தபின் Chat backup பக்கத்தில் Google Account-ஐ உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு மாற்றி, இப்போது Back up அழுத்துங்கள். இந்தப் பேக்கப் ஜிமெயிலின் இலவச 15 ஜிபிக்குள்தான் கணக்காகும், இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அது முழுதாக ஏறி, டிரைவில் இன்றைய தேதியோடு தெரிந்த பிறகு ஆபீஸ் அக்கவுன்ட்டைப் போனிலிருந்து நீக்கிவிட்டு, ஐடி டீமுக்கு வேலை முடிந்தது, மூடிக்கொள்ளலாம் என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள்.