வெடித்தாலும் எதிரி தெரிய வேண்டும்: கேமரா ஷேக் கேள்வி-பதில்

வீடியோ கேமில் குண்டு வெடிக்கும்போதும் நிலம் அதிரும்போதும் திரையை எவ்வளவு ஆட்டுவது என்று கேட்டு வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொண்டேன். பிக்சல் கணக்கெல்லாம் 1920×1080 திரைக்கானது.

கேள்வி: பக்கவாட்டில் ஓடும் 2டி கேம் செய்கிறேன். ஒரு பீப்பாய் வெடித்தால் அதிர்வு நன்றாக இருக்கிறது. ஐந்து பீப்பாய் தொடராக வெடிக்கும் இடத்தில் மட்டும், எதிரி எங்கிருந்து சுடுகிறான் என்றே தெரியவில்லை என்கிறார்கள். அதிர்வைக் குறைத்தால் ஒற்றை வெடிப்பு சப்பென்று ஆகிவிடுகிறது.

அதிர்வின் அளவில் தப்பில்லை. அதைக் கூட்டும் விதத்தில்தான் இருக்கிறது சிக்கல். நீங்கள் அனுப்பிய கோடின் சாரம் இது:

```gdscript
func _process(delta):
    trauma = max(trauma - 1.4 * delta, 0.0)
    var s = trauma * trauma
    t += delta * 15.0
    offset.x = noise.get_noise_2d(t, 0.0) * 24.0 * s
    offset.y = noise.get_noise_2d(t, 100.0) * 24.0 * s
```

இதில் `trauma` என்பது 0 முதல் 1 வரை போகும் ஓர் எண். வெடித்ததும் ஏறும், அப்புறம் ஒரே சீராக இறங்கும். அதை அப்படியே பயன்படுத்தாமல் வர்க்கமாக்கிப் பெருக்குகிறோம். திரை தெளிவாகத் தெரிவதற்கு இந்த வர்க்கம்தான் முக்கியக் காரணம். 0.6-இல் தொடங்கும் வெடிப்பு அதிகபட்சம் 8.6 பிக்சல் வரை ஆட்டும். 0.2 நொடி கழித்து `trauma` 0.32 ஆக, அதாவது பாதிக்குச் சற்று மேலாக இருக்கும். ஆட்டமோ 2.5 பிக்சலுக்கு வந்துவிடும். முதல் அடி பலமாக விழுகிறது, திரையும் சட்டென்று ஆடுபவரின் கைக்குத் திரும்பிவிடுகிறது.

இப்போது தொடர் வெடிப்பைப் பார்ப்போம். 0.2 நொடிக்கு ஒரு பீப்பாய், ஒவ்வொன்றும் 0.6-ஐக் கூட்டுகிறது. முதலாவது 0.6. அது 0.32-க்கு இறங்கும்போது இரண்டாவது வந்து 0.92 ஆக்குகிறது. மூன்றாவதில் உச்சவரம்பான 1-ஐத் தொட்டுவிடும். அதற்கப்புறம் வெடிப்புகளுக்கு இடையே 0.72-க்குக் கீழே இறங்கவே வழியில்லை. ஆக, ஆட்டத்தின் வீச்சு 24-க்கும் 12-க்கும் நடுவிலேயே நிற்கிறது. ஒற்றை வெடிப்பின் உச்சமே 8.6 தான் என்பதை நினைத்துப் பாருங்கள். கண் எதையும் பிடித்துக்கொள்ள இடைவெளியே கிடைக்கவில்லை. ஐந்து வெடிப்பு என்று எண்ணவும் முடியாது, எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும்.

கூட்டுவதை விட்டுவிட்டு, இருப்பதில் பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள்:

```gdscript
func blast(amount):
    trauma = max(trauma, amount)
```

அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு பீப்பாய்க்கும் 8.6-க்கு எகிறி 2.5-க்கு இறங்கும். ஐந்து அடியும் தனித்தனியாகத் தெரியும், நடுவில் எதிரியும் தெரிவான். கடைசிப் பீப்பாய்க்கு மட்டும் 0.8 கொடுத்தால் தொடருக்கு ஒரு முடிவும் கிடைக்கும். 15 பிக்சலில் தொடங்கி 0.6 நொடிக்குள் அடங்கிவிடும். கூட்டும் முறையே தவறு என்று சொல்லவில்லை. சின்னச் சின்ன அடிகள் சேர்ந்து பெரிதாக வேண்டிய இடங்களில், ஆடுபவர் மீது கற்கள் விழுவதுபோல, அது சரிதான். பீப்பாய்க்கு வேண்டாம்.

இன்னொன்று. வெடித்த முதல் ஃப்ரேமில் மட்டும் நாய்ஸை, அதாவது மேலே உள்ள கோடில் ஆட்டத்தைத் தரும் தாறுமாறான எண்களை விட்டுவிட்டு, படம் முழுவதையும் வெடிப்புக்கு எதிர்ப்பக்கம் 8 பிக்சல் தள்ளிப் பாருங்கள். இடது பக்கம் வெடித்தால் படம் வலது பக்கம் துள்ளும். அதைப் பார்த்தே வெடிப்பு எந்தப் பக்கம் என்று ஆடுபவருக்குப் புரிந்துவிடும்.

கேள்வி: கோடோ கேம் எஞ்சினில் `FastNoiseLite` போட்டேன். கேமரா அதிராமல் மெதுவாக ஊர்கிறது. சுழற்சியும் சேர்த்தேன், அது வேலையே செய்யவில்லை.

`frequency` என்பதற்கு அதில் இயல்பாக இருக்கும் மதிப்பு 0.01. மேலே உள்ள கோடில் நொடிக்கு 15 வீதம் நகர்ந்தாலும், நாய்ஸைப் பொறுத்தவரை நொடிக்கு 0.15 தான் நகர்கிறீர்கள். `noise.frequency = 1.0` என்று வையுங்கள். கூடவே `fractal_type`-ஐ `FRACTAL_NONE` ஆக்குங்கள். இல்லாவிட்டால் ஐந்து அடுக்கு நாய்ஸ் சேர்ந்து, நுண்ணிய நடுக்கம் ஒன்று மேலே ஒட்டிக்கொள்ளும். அந்த நடுக்கம் அதிர்ச்சியைக் கூட்டாது, எழுத்தை மங்கலாக்குவதோடு சரி. ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புதிதாக ஒரு ராண்டம் எண் எடுப்பவர்களுக்கும் இதே கோளாறுதான், இன்னும் மோசமாக.

சுழற்சி வேலை செய்யாததற்குக் காரணம் `Camera2D`-இல் `ignore_rotation` இயல்பாகவே இயக்கத்தில் இருப்பது. அணைத்துவிடுங்கள். ஆனால் சுழற்சியை ஒரு டிகிரிக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். ஒரு டிகிரிக்கே மூலைகள் 19 பிக்சல் நகரும், நடுவில் இருப்பது அப்படியே நிற்கும். ஆடுபவரின் பாத்திரம் திரை நடுவில் இருக்கும் கேமுக்கு இது வசதி, ஓரத்தில் ஆட்டம் ஊசலாடினாலும் கவனம் இருக்கும் இடம் கலையாது. பிக்சல் ஆர்ட் கேம் என்றால் சுழற்சியே வேண்டாம், கோடுகள் படிக்கட்டாகிவிடும். அங்கே நகர்வையும் முழுப் பிக்சலாக ரவுண்டு செய்ய வேண்டும்.

கேள்வி: 20 நொடி நிலநடுக்கம், அதற்குள் இடிந்து விழும் தளங்களில் தாவித் தப்ப வேண்டும். வெடிப்புக்கு எழுதிய ஷேக்கையே நீட்டிப் போட்டேன். தலைவலி வருகிறது என்கிறார்கள், தாவலும் தவறுகிறது.

வெடிப்பு அரை நொடியில் முடிந்துவிடும், அதற்குள் ஆடுபவர் எதையும் செய்யத் தேவையில்லை. நிலநடுக்கத்தின்போதோ விளையாடியாக வேண்டும். அதனால் இங்கே கேமராவுக்கு வேலை மிகக் குறைவு. அதிர்வை உலகத்தின் பொருள்கள் சுமக்கட்டும்.

முதலில் அடுக்குகளைப் பிரியுங்கள். பின்னணி அடுக்குகளைத் தாராளமாக ஆட்டலாம், தூரத்துக் கட்டடங்கள் 12 பிக்சல் போனாலும் யாரும் தடுமாற மாட்டார்கள். தளம், பாத்திரம், எதிரி இருக்கும் அடுக்கில் 3 பிக்சலுக்கு மேல் வேண்டாம், அதுவும் பக்கவாட்டில் மட்டும். மேலும் கீழுமாக ஆட்டினால் தளத்தின் விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறது என்ற கணிப்பு கெடும். தாவல் தவறுவது பெரும்பாலும் இதனால்தான். மோதலைக் கணக்கிடும் உருவங்களை மட்டும் எந்த நிலையிலும் நகர்த்தாதீர்கள், படம்தான் நகர வேண்டும். மிச்சத்தைத் தொங்கும் விளக்குகளும் கூரையிலிருந்து கொட்டும் தூசியும் அலமாரியிலிருந்து சரியும் தட்டுகளும் பார்த்துக்கொள்ளும்.

அடுத்து, ஒரே வேகத்தில் 20 நொடி ஆட்டாதீர்கள். உண்மையான நிலநடுக்கத்தில் முதலில் வருவது P அலை. வேகமானது, வீச்சு சிறியது. பின்னால் வரும் S அலைதான் பக்கவாட்டில் பலமாக உலுக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள நேரம் தொலைவைப் பொறுத்தது. தோராயமாக 8 கிலோமீட்டருக்கு ஒரு நொடி. மையம் 16 கிலோமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டால் உங்களுக்கு 2 நொடி கிடைக்கிறது. அந்த 2 நொடியில் கேமராவைத் தொடாமல், கண்ணாடிகள் கலகலக்கும் ஒலியும் விளக்கின் சிறு நடுக்கமும் மட்டும் கொடுங்கள். ஏதோ வரப்போகிறது என்று ஆடுபவர் தயாராகிவிடுவார். அப்புறம் ஒரு நொடி பெரிய உலுக்கல், மூன்று நொடி தணிவு, மறுபடி உலுக்கல் என்று போகலாம். கஷ்டமான தாவல்களைத் தணிவு நேரத்தில் வருமாறு அமையுங்கள்.

தலைவலி விஷயத்தில், வேகத்தையும் குறைத்துப் பாருங்கள். மெதுவாக அசையும் திரையைக் கண் ஓரளவு பின்தொடர்ந்து கொள்ளும். நொடிக்குப் பத்துப் பதினைந்து முறை தாறுமாறாக ஆடுவதைப் பின்தொடர முடியாது, எல்லாம் மங்கல்தான். பெரிய உலுக்கலுக்கு நொடிக்கு இரண்டு மூன்று ஆட்டம் போதும்.

இதில் இன்னொரு நன்மை உண்டு. இடியப்போகும் தளம் விழுவதற்கு அரை நொடி முன்னால் நடுங்கும் அல்லவா? திரை முழுக்க நடுங்கினால் அந்த எச்சரிக்கை எப்படித் தெரியும்? விளையாடும் அடுக்கு அமைதியாக இருந்தால்தான் ஒற்றைத் தளத்தின் நடுக்கம் கண்ணில் படும்.

கேள்வி: முதல் நபர் பார்வையில் சுடும் கேம். பக்கத்தில் குண்டு வெடித்தால் குறி தவறுகிறது, ஏமாற்றுவதுபோல் இருக்கிறது என்கிறார்கள்.

3டியில் கேமராவின் இடத்தை நகர்த்தினால் சுவருக்குள் போய்விடும் ஆபத்து உண்டு, எனவே திருப்புவதே நல்லது. ஆனால் எந்த அச்சில் என்பது முக்கியம். கிடைமட்டப் பார்வைக் கோணம் 90 டிகிரி என்றால், பக்கவாட்டில் ஒரு டிகிரி திருப்பினாலே நடுவில் இருக்கும் எதிரி சுமார் 17 பிக்சல் விலகிவிடுவான். பார்க்கும் அச்சைச் சுற்றிச் சாய்த்தால் நடுப்புள்ளி நகரவே நகராது. சாய்வுக்கு 2 டிகிரி, மற்ற இரண்டுக்கும் கால் டிகிரி என்று பிரித்துப் பாருங்கள், அதிர்ச்சி குறையாது.

தோட்டா போகும் திசையை ஆடும் கேமராவிலிருந்து எடுக்கவே கூடாது. ஆட்டம் சேர்க்காத அடிப்படைக் கேமராவிலிருந்து எடுங்கள், குறிச் சின்னத்தையும் அந்தத் திசை திரையில் விழும் இடத்திலேயே வரையுங்கள். எதிரி 4 பிக்சல் நகர்ந்தால் சின்னமும் கூடவே 4 பிக்சல் நகரும், குறி நேர்மையாக இருக்கும்.

தொலைவில் வெடிப்பவற்றுக்கு அதிர்வை ஒலியோடு சேர்த்து அனுப்புங்கள். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது, 170 மீட்டர் தள்ளி வெடித்தால் அரை நொடி தாமதம். ஒளியைப் பார்த்து, எங்கே என்று புரிந்துகொண்ட பிறகுதான் திரை ஆடும்.

கேள்வி: வெடிக்கும்போது முழுத் திரையும் வெள்ளையாக மின்னலாமா?

தவிர்ப்பது நல்லது. ஒரு நொடிக்குள் மூன்று மின்னலுக்கு மேல் போகக் கூடாது என்று வலைத்தளங்களுக்கான அணுகல் நெறியான WCAG சொல்கிறது, ஒளியால் வலிப்பு வரக்கூடியவர்களை மனத்தில் வைத்து. முதல் கேள்வியில் வந்த ஐந்து பீப்பாய்களுக்கும் வெள்ளை மின்னல் கொடுத்தால் ஒரே நொடிக்குள் ஐந்து ஆகிவிடும். மின்னலை வெடிப்பைச் சுற்றிய சிறு வட்டத்துக்குள் அடக்கி, தொடரில் முதலாவதுக்கு மட்டும் கொடுங்கள். மற்றவற்றுக்கு ஆரஞ்சு ஒளியும் புகையும் போதும். எதிரி சுடும் தோட்டாவின் நிறம் மட்டும் அந்த ஆரஞ்சில் கலக்காததாக இருக்கட்டும், நீலமோ ஊதாவோ.

கேள்வி: உயிர்ப்பட்டை, வசனப் பெட்டி இவையும் ஆட வேண்டுமா? அதிர்வை அணைக்கும் வசதி வைக்கலாமா?

வசனம் ஆடவே கூடாது. அதைத் தனி `CanvasLayer`-இல் வைத்தால் கேமராவின் ஆட்டம் அதைத் தொடாது. அடி வாங்கும்போது உயிர்ப்பட்டை மட்டும் தன் இடத்தில் 2 பிக்சல் துள்ளலாம், அது தகவல்.

அணைக்கும் பட்டனுக்குப் பதிலாக 0 முதல் 100 வரை நகர்த்தும் ஸ்லைடர் வையுங்கள். பலருக்கு 40 போதுமாக இருக்கும். அந்த எண்ணை 100-ஆல் வகுத்து, வருவதால் `s`-ஐப் பெருக்கினால் வேலை முடிந்தது. 0 வைத்தவருக்கும் வெடிப்பு எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும், அதற்குத் திரையின் அந்த ஓரத்தை மட்டும் கால் நொடி கருமையாக்கினால் போதும்.