கையிருப்பு எங்கே குறைந்தது? – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

2022-23ஆம் நிதியாண்டில் நமது நடப்புக் கணக்கில் 67 பில்லியன் டாலர் பற்றாக்குறை. அதே ஆண்டில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 28.9 பில்லியன் குறைந்ததாக நாளிதழில் படித்தேன். ரிசர்வ் வங்கியின் அட்டவணையிலோ 9.1 பில்லியன் என்றுதான் இருக்கிறது. நாட்டுக்குள் வந்ததையும் வெளியே போனதையும் எழுதும் செலுத்துநிலைக் கணக்கு எப்போதும் சமன் என்கிறது பாடப்புத்தகம். மூன்று எண்களும் ஒன்றோடொன்று ஒட்டவில்லையே, எதை மறைக்கிறார்கள்? ‘பிழைகளும் விடுபடல்களும்’ என்ற வரியில்தான் தில்லுமுல்லு இருக்கிறதா? என் தம்பி துபாயில் வேலை செய்கிறான். அவனைப் போன்றவர்கள் வீட்டுக்கு அனுப்பும், வங்கியில் போட்டுவைக்கும் டாலரால்தான் நாடு நிற்கிறது என்று நண்பர்களிடம் வாதிடுகிறேன். சரிதானே?

செ., விருதுநகர்

அன்புள்ள செ. அவர்களுக்கு,

அட்டவணையைத் தேடி எடுத்துப் படித்திருக்கிறீர்கள். அந்த உழைப்புக்கு மரியாதை செய்யவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். ஆனால் எண்கள் ஒட்டவில்லை என்றவுடன் யாரோ மறைக்கிறார்கள் என்ற முடிவுக்குத் தாவியது எனக்கு வருத்தம் தருகிறது. கூட்டிப் பார்ப்பதற்கு முன்னால் குற்றம் சாட்டக்கூடாது. அதே அட்டவணையில் உங்கள் கண் படாத ஒரு வரியில் விடை இருக்கிறது.

முதலில் நடப்புக் கணக்கு. அந்த ஆண்டு நாம் ஏற்றுமதி செய்த சரக்கைவிட இறக்குமதி செய்த சரக்கு 265.3 பில்லியன் டாலர் அதிகம். மென்பொருள் முதலான சேவைகளில் 143.3 பில்லியன் நிகரமாக ஈட்டினோம். வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு வட்டியாகவும் இலாபமாகவும் நிகரமாகக் கொடுத்தது 45.9 பில்லியன். மாற்றுப் பணமாக, அதாவது பெரும்பாலும் வெளிநாட்டில் உழைப்பவர்கள் குடும்பத்துக்கு அனுப்பியதாக, நிகரமாக வந்தது 100.9 பில்லியன். கூட்டிக் கழித்தால் 67 பில்லியன் பற்றாக்குறை. இனி நீங்கள் பார்க்கத் தவறிய வரி: அந்நிய நேரடி முதலீடு, வெளிநாட்டுக் கடன், வங்கி வைப்புகள் எல்லாம் சேர்ந்த மூலதனக் கணக்கில் நிகரமாக 58.9 பில்லியன் உள்ளே வந்தது. பிழைகளும் விடுபடல்களும் ஏறத்தாழ 1 பில்லியன் கழித்தல். ஆக, 67 வெளியே, 58.9 உள்ளே, 1 கழிவு. மிஞ்சிய பள்ளம் 9.1. அதைக் கையிருப்பிலிருந்து எடுத்து நிரப்பினார்கள். நடப்புக் கணக்கு, மூலதனக் கணக்கு, கையிருப்பு மாற்றம் ஆகிய மூன்றையும் அந்த ஒரு சிறு வரியோடு கூட்டினால் பூச்சியம் வரும் என்பதே பாடப்புத்தகம் சொல்லும் சமன். பற்றாக்குறை இல்லை என்று அது சொல்லவில்லை. பற்றாக்குறைக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதும் அதே தாளில் இருந்தே தீரும் என்று சொல்கிறது.

குறிகளில் மட்டும் கவனமாக இருங்கள். இந்த அட்டவணையில் கையிருப்பு குறைந்தால் கூட்டல் குறியும், கூடினால் கழித்தல் குறியும் போடுவார்கள். கையிருப்பைக் கூட்டுவது என்பது வெளிநாட்டுச் சொத்து ஒன்றை வாங்குவது. இறக்குமதியைப் போலவே அதற்கும் பணம் கொடுக்க வேண்டும். இதைத் தலைகீழாகப் படித்துவிட்டுக் கொந்தளிக்கிறவர்கள் பலர்.

28.9 பற்றிய விடை சுருக்கமானது. 2022 மார்ச் இறுதியில் கையிருப்பு 607.3 பில்லியன், 2023 மார்ச் இறுதியில் 578.4 பில்லியன். நாளிதழ் இவ்விரண்டின் வேறுபாட்டைச் சொன்னது. கையிருப்பு முழுவதும் டாலராக இல்லை. யூரோ, பவுண்டு, யென், தங்கம் எல்லாம் உண்டு. அந்த ஆண்டு டாலர் வலுத்ததால் பிற நாணயங்களின் டாலர் மதிப்பு இறங்கியது; அமெரிக்க வட்டி ஏறியதால் பத்திரங்களின் விலையும் இறங்கியது. இப்படி மதிப்பு மாறியதால் மட்டும் 19.7 பில்லியன் குறைந்தது. யாரும் எதையும் விற்கவில்லை, ஒரு டாலரும் கைமாறவில்லை. செலுத்துநிலை கைமாறியதை மட்டுமே எழுதும் கணக்கு. ஆகவே அதில் 9.1 மட்டும் வரும். தசமப் புள்ளியில் ஒரு சிறு வேறுபாடு தெரிந்தால் அது முழுமையாக்கியதால் வந்தது.

பிழைகளும் விடுபடல்களும் என்ற வரியை விட்டுவிடுங்கள். சுங்கத்துறை ஒரு பக்கமும் வங்கிகள் மறுபக்கமும் தரும் விவரங்கள் வெவ்வேறு நாளில், வெவ்வேறு வழியில் சேர்வதால் மிஞ்சும் துண்டு அது. இத்தனை பெரிய தொகைகளுக்கிடையே 1 பில்லியன் மிஞ்சுவது சந்தேகத்துக்கு உரியதன்று. ஆண்டுக்கு ஆண்டு ஒரே திசையில் பெரிதாகிக்கொண்டே போனால் அப்போது கேளுங்கள்.

உங்கள் தம்பியைப் பற்றிய கடைசி வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது. குடும்பத்துக்கு அனுப்பும் பணத்தையும் வங்கியில் போட்டுவைக்கும் டாலரையும் ஒன்றாகப் பேசுகிறீர்கள். அது தவறு; நல்லெண்ணத்தோடு செய்யும் தவறு என்பதால் அதைத் திருத்துவதும் கடினமாக இருக்கிறது.

ஒவ்வொரு பரிமாற்றமும் இரண்டு முறை எழுதப்படுகிறது. திருப்பூரிலிருந்து ஒருவர் ஜெர்மனிக்கு ஒரு லட்சம் டாலருக்கு பனியன் அனுப்புகிறார், 90 நாள் தவணைக்கு. சரக்கு கப்பலேறியவுடன் நடப்புக் கணக்கில் ஒரு லட்சம் வரவு. பணம் இன்னும் வரவில்லை. ஜெர்மன்காரர் நமக்குக் கடன்பட்டிருக்கிறார், அதாவது நாம் அவருக்குக் கடன் கொடுத்திருக்கிறோம். எனவே மூலதனக் கணக்கில் ஒரு லட்சம் பற்று. 90ஆம் நாள் பணம் வருகிறது. கடன் தீர்ந்ததால் மூலதனக் கணக்கில் வரவு. நமது வங்கி வெளிநாட்டு வங்கியொன்றில் வைத்திருக்கும் நாஸ்ட்ரோ கணக்கில் டாலர் ஏறியதால் அதே மூலதனக் கணக்கில் பற்று. அந்த டாலரை ரிசர்வ் வங்கி வாங்கினால் வங்கியின் நாஸ்ட்ரோ இறங்கும், கையிருப்பு ஏறும். மூன்று கட்டங்களிலும் கூட்டுத்தொகை பூச்சியமே. ஏற்றுமதி நடந்த நாளில் கையிருப்பு அசையவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இப்போது தம்பி. அவர் பத்தாயிரம் டாலரை, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கென்று நம் வங்கிகள் வைத்திருக்கும் என்.ஆர்.இ. கணக்கில் போடுகிறார். வங்கியின் நாஸ்ட்ரோ ஏறுகிறது. ஆனால் அந்தப் பணம் வங்கிக்குச் சொந்தமன்று. வெளிநாட்டில் வசிக்கும் ஒருவருக்கு இந்தியா பட்டிருக்கும் கடன் அது. இரண்டு பதிவுகளும் மூலதனக் கணக்கில்தான். நடப்புக் கணக்கில் ஒரு பைசாவும் ஏறாது. மூன்று மாதம் கழித்து உங்கள் தாயார் மருத்துவச் செலவுக்காக அந்தக் கணக்கிலிருந்து ரூபாயாக எடுக்கிறார். அன்றைக்கு எந்த நாட்டிலிருந்தும் ஒரு டாலரும் வரவில்லை. ஆயினும் அன்றுதான் நடப்புக் கணக்கில் மாற்றுப் பணம் என்று வரவு எழுதுவார்கள், ஏனெனில் அன்றுதான் கடன் கொடையாக மாறியது. எதிர்ப்பக்கத்தில் வைப்பு குறைந்ததாக மூலதனக் கணக்கில் பற்று. உள்ளூரில் எடுக்கும் இத்தகைய தொகைகளும் அந்த 100.9 பில்லியனுக்குள் இருக்கின்றன. தாயார் கையெழுத்திட்ட அந்தத் தாள் நாட்டின் கடனைக் குறைத்தது. தம்பி வைப்பு போட்டது நாட்டின் கடனைக் கூட்டியது. இரண்டையும் ‘தம்பி அனுப்பிய பணம்’ என்று நீங்கள் ஒரே மூச்சில் சொல்கிறீர்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 1991இல் கடற்கரையோர ஊர் ஒன்றின் வங்கிக் கிளையில் நான் இளநிலை அதிகாரி. எஃப்.சி.என்.ஆர். என்ற திட்டத்தில் வெளிநாட்டுத் தமிழர்கள் டாலராகவே, பவுண்டாகவே வைப்பு வைத்திருந்தார்கள். நாணய மதிப்பு மாறுவதால் வரும் இழப்பை ரிசர்வ் வங்கியே ஏற்ற காலம் அது. அதுவரை அந்த வைப்புகளைத் திரட்டுவதைப் பெருமையாகப் பேசினோம். கிளையின் சுவரில் அதற்கென்று இலக்கு எழுதிய பலகை தொங்கியது. அந்தக் கோடையில் தொடர்ந்து டெலக்ஸ் வந்தது: முதிர்வுக்கு முன்னரே முடித்து, தொகையை சிங்கப்பூருக்கு அனுப்பு, இலண்டனுக்கு அனுப்பு. முதியவர் ஒருவர் நேரில் வந்து, ரசீதை மேசைமேல் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “தம்பி, என் பணம் உங்களிடம் டாலராக இருக்கிறதா, இல்லையா?” என்று கேட்டார். இருக்கிறது என்றேன். “அப்படியானால் அனுப்புங்கள்” என்றார். அவர் துரோகம் ஒன்றும் செய்யவில்லை. கடன் கொடுத்தவர், திருப்பிக் கேட்டார்.

1990-91இன் கணக்கை இப்போது பாருங்கள். நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 9.7 பில்லியன் டாலர். மூலதனக் கணக்கில் வந்தது 7.2 பில்லியன். பள்ளம் 2.5 பில்லியன். அதில் ஏறத்தாழ பாதியைப் பன்னாட்டு நிதியத்தின் கடன் நிரப்பியது, மீதியைக் கையிருப்பு. இன்றைய அளவில் சிறிய தொகைகள்தாம். ஆனால் 1991 ஜூன் இறுதியில் நம்மிடமிருந்த வெளிநாட்டு நாணயம் சுமார் 1.1 பில்லியன் மட்டுமே. இறக்குமதிக்குச் சில வாரங்கள்தான் தாங்கும். மே மாதத்தில் 20 டன் தங்கத்தை மீட்டுக்கொள்ளும் உரிமையோடு சுவிட்சர்லாந்தில் விற்றார்கள். ஜூலையில் 47 டன் இங்கிலாந்துக்குப் போனது, அதன் ஈட்டில் கிடைத்தது ஏறத்தாழ 405 மில்லியன் டாலர். அதே ஜூலையில் ரூபாயின் மதிப்பை இரு முறை குறைத்தார்கள். பல ஆண்டுகளாக மூலதனக் கணக்கில் வரவாக நின்ற வைப்புகள் பற்றாக மாறியபோது, எதிர்ப்பக்கத்தில் குறைவதற்குக் கையிருப்பைத் தவிர வேறெதுவும் இல்லாமல் போனது. பூச்சியம் அப்போதும் சரியாகத்தான் வந்தது.

ஆகவே உங்கள் வாதத்தைப் பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள். 2022-23இல் வெளிநாடுவாழ் இந்தியர்களின் வைப்பு நிகரமாக ஏறத்தாழ 9 பில்லியன் கூடியது; அது 58.9 பில்லியனுக்குள் அடங்கும். அது வராதிருந்தால் கையிருப்பு இன்னொரு 9 பில்லியன் குறைந்திருக்கும் என்று கூடச் சொல்ல முடியாது. ரூபாய் இன்னும் சரிந்திருக்கலாம், இறக்குமதி சுருங்கியிருக்கலாம், வேறு கடன் வந்திருக்கலாம். இந்தச் சமன்பாடு எது எதற்குக் காரணம் என்று சொல்லாது. 2007-08இல் நடப்புப் பற்றாக்குறை 15.7 பில்லியன்தான், மூலதனமோ 106.6 பில்லியன் வந்து குவிந்தது, ரிசர்வ் வங்கி 92.2 பில்லியனைக் கையிருப்பில் சேர்த்தது. அங்கே பற்றாக்குறையை நிரப்ப மூலதனம் வந்தது என்று சொல்வது பொருந்தவே பொருந்தாது.

தம்பி குடும்பத்துக்கு அனுப்புவது திருப்பித் தர வேண்டாத வரவு. அந்தப் பாதிக்காக நண்பர்களிடம் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடுங்கள், நானும் உங்கள் பக்கம் நிற்பேன். வைப்பு வேறு, அதைப் பற்றிப் பேசும்போது, அதற்கு வட்டி கொடுக்கிறோம், கேட்ட நாளில் கொடுக்கவும் வேண்டும் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். முழு நிதியாண்டின் கணக்கை ரிசர்வ் வங்கி வழக்கமாக ஜூன் இறுதியில் வெளியிடும். கையிருப்பு மாற்றத்தை மதிப்பு மாற்றம் நீக்கியும் சேர்த்தும் பிரித்துக் காட்டும் அறிக்கையும் அதே வேளையில் வரும். அடுத்த முறை இரண்டையும் ஒன்றாக வைத்துக் கூட்டிப் பாருங்கள். ஒட்டாத எண் ஏதாவது மிஞ்சினால் எழுதுங்கள்.

அன்புடன்.