சுளுக்கு வீக்கத்துக்கு நொச்சி ஒத்தடம் எப்போது?

"நேற்று மழையில் தேயிலை மலையில் இறங்கும்போது அம்மாவுக்குக் கணுக்கால் சுளுக்கி வீங்கிவிட்டது. சீனி வருத்தமும் இருக்கிறது. இன்றைக்கே நொச்சி இலை ஒத்தடம் கொடுக்கலாமா?"

இன்றைக்கு வேண்டாம். அடிபட்ட முதல் இரண்டு நாளும் உள்ளே இரத்தம் கசியும்; சூடு பட்டால் வீக்கம் கூடும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி, காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம்.

அதைவிட முக்கியம், அம்மாவால் நாலு எட்டு நடக்க முடிகிறதா? முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரே எடுக்கும் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போங்கள்.

வீக்கம் வற்றத் தொடங்கிய பிறகு ஒத்தடம் கொடுக்கலாம். இரண்டு கைப்பிடி நொச்சி இலையைத் தாச்சியில் ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, வாடும்வரை வதக்கிப் பழைய பருத்தித் துணியில் முடியுங்கள். ஓரிடத்தில் வைத்திருக்காமல், பத்து நிமிடம் ஒற்றி ஒற்றி எடுங்கள். முடிச்சு ஆறினால் வெறும் தாச்சியில் மீண்டும் சூடாக்கலாம்.

சீனி வருத்தக்காரருக்குப் பாதம் மரத்துப்போயிருந்தால் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். ஆகவே முதலில் அம்மாவின் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தைப் பஞ்சால் தொட்டுப் பாருங்கள். உணர்வு குறைவென்றால் ஒத்தடமே வேண்டாம். உணர்வு சரியென்றாலும், ஒவ்வொரு முறையும் முடிச்சை உங்கள் முன்கையில் வைத்துப் பார்த்த பிறகே கொடுங்கள். தோல் கிழிந்திருந்தாலும், காய்ச்சலோடு மூட்டு சிவந்து கொதித்தாலும் கொடுக்கக் கூடாது.