திரும்பி வந்த துணிக்குப் பழைய பில்லை அழிக்கலாமா?

கேள்வி: திருப்பாதிரிப்புலியூர்ல ரெடிமேட் கடை வெச்சிருக்கேன் சார். பொங்கலுக்கு வித்த துணி திரும்பி வருது. பணம் தராம கிரெடிட் ஸ்லிப் தர்றோம். பழைய பில்லை அழிச்சிடுங்க, இல்லன்னா அடுத்த பில்லுல தள்ளுபடியா கழிச்சிடுங்கன்னு பில்லிங் சாஃப்ட்வேர் போட்டவர் சொல்றார். சரியா? மார்ச்சுல பாக்கி நிக்கிற ஸ்லிப்பை என்ன பண்றது?

பதில்: அழிக்கவே அழிக்காதீர்கள். வாடிக்கையாளர் கையில் அந்த பில் இருக்கிறது. உங்கள் GSTR-1 படிவமும் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை பில் போட்டீர்கள், எத்தனை ரத்து என்று கேட்கிறது. இதைவிடப் பெரிய ஆபத்து கல்லாவில் இருக்கிறது. பில்லை அழிக்கும் வசதி கவுன்ட்டரில் திறந்திருந்தால், கல்லாவில் இருப்பவர் ரொக்கத்துக்கு விற்ற பில்லை 'திரும்பி வந்துடுச்சு' என்று அழித்துவிட்டுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். சரக்கை எண்ணும்போது துணி குறையும், ஏன் என்று யாருக்கும் தெரியாது. சாஃப்ட்வேர் விற்பவர்கள் இதை ஒரு வசதி என்று சொல்லி விற்கிறார்கள், மாட்டிக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முதல் வேலையாக அந்த வசதியை மூடச் சொல்லுங்கள்.

அழிப்பதற்குப் பதில் கிரெடிட் நோட் போடுங்கள். ஜனவரி 12-ல் ஒரு சுடிதார் செட் விற்றீர்கள், விலை 2,000, 5 சதவீத வரி 100, மொத்தம் 2,100 ரூபாய். 25-ம் தேதி திரும்பி வருகிறது. பழைய பில் எண்ணைக் குறிப்பிட்டு, பழைய பில்லில் போட்ட அதே வரி விகிதத்தில் 2,100-க்கு கிரெடிட் நோட். கணக்கில் விற்பனை 2,000 குறையும், வரி 100 குறையும், 'ஸ்லிப் பாக்கி' என்ற கணக்கில் 2,100 ஏறும். துணி உங்களுக்கு 1,500-க்கு வந்ததென்றால் சரக்கில் 1,500-க்குத்தான் திரும்ப ஏற வேண்டும், விற்ற விலைக்கு அல்ல.

அப்புறம் அந்த அம்மா பிப்ரவரியில் வந்து 3,000 ரூபாய்க்குப் புடவை எடுக்கிறார். வரி 150 சேர்த்து முழு 3,150-க்கு பில். ஸ்லிப்பில் 2,100, ரொக்கம் 1,050. ஸ்லிப் என்பது பணம் கட்டும் வழி, தள்ளுபடி இல்லை. தள்ளுபடி என்று கழித்தால் மீதி 1,000-க்கு 50 ரூபாய்தான் வரி விழும். சுடிதாரின் 100 ரூபாயை ஏற்கெனவே கிரெடிட் நோட்டில் குறைத்துவிட்டீர்கள், இப்போது அதையே இரண்டாம் முறை குறைக்கிறீர்கள். ஒரு பில்லுக்கு 100 ரூபாய்தானே என்று விடாதீர்கள், பொங்கல் சீசன் முழுக்க இப்படிப் போனால் வட்டியோடு கேட்பார்கள்.

சாதாரண வாடிக்கையாளர் என்றால் அந்த மாத விற்பனையில் கழித்துக் காட்டினால் போதும். ஆனால் ஜிஎஸ்டி எண் உள்ளவருக்கு விற்றிருந்தால் கதையே வேறு. புதுச்சேரி ஹோட்டல் ஒன்றுக்குச் சீருடை அனுப்பினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அது வேறு மாநிலக் கணக்கு, ஐஜிஎஸ்டி. அதில் கொஞ்சம் திரும்பினால் அவர் எண்ணோடு தனி கிரெடிட் நோட் போட்டு GSTR-1-ல் தனியாகக் காட்ட வேண்டும். அவரும் தான் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும். அவர் திருப்பாவிட்டால் நீங்கள் வரியைக் குறைத்துக்கொள்ள முடியாது, 2025 நிதிச் சட்டத்தில் இதை வெளிப்படையாகவே எழுதிவிட்டார்கள். போர்ட்டலில் அவர் அந்த நோட்டை நிராகரித்தால் உங்கள் தலையில் வரி திரும்ப ஏறும். அவர் ஒரு பட்டனைத் தட்டி நிராகரித்ததற்கு கடலூரில் இருக்கும் நீங்கள் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும், இது என்ன முறை என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஆனாலும் நோட் போட்ட அன்றே போன் செய்துவிடுங்கள், வரியைத் திருப்பிவிட்டதாக எழுத்தில் வாங்கி வையுங்கள். இந்த நிதியாண்டு விற்பனைக்கான கிரெடிட் நோட், நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30-க்குள் கணக்கில் வந்துவிட வேண்டும், ஆண்டு ரிட்டர்னை அதற்கு முன்பே போட்டால் அதற்குள். வாய் வார்த்தையை நம்பி இருந்தால் அந்தத் தேதி போய்விடும்.

மார்ச் 31-ல் பாக்கி நிற்கும் ஸ்லிப்களை எண்ணோடு பட்டியல் எடுங்கள். கூட்டுத்தொகை 'ஸ்லிப் பாக்கி' கணக்கோடு ஒத்துப்போக வேண்டும், போகாவிட்டால் யாரோ ஒரே ஸ்லிப்பை இரண்டு முறை மாற்றியிருக்கலாம். அந்தத் தொகை நீங்கள் ஊருக்குத் தர வேண்டிய கடன். யாரும் வரமாட்டார்கள் என்று லாபத்தில் சேர்க்காதீர்கள். மார்ச் கடைசியில் விற்றது ஏப்ரலில் திரும்பினால், கணக்கை முடிப்பதற்குள் கண்ணுக்கே தெரிந்துவிடும், அதையும் சேர்த்துப் பாருங்கள். அளவு பத்தவில்லை, நிறம் பிடிக்கவில்லை என்றால் ஸ்லிப் சரி. குறையுள்ள துணியென்றால், பில்லில் வேறு கெடு இல்லாதபோது 30 நாளுக்குள் வந்து பணம் கேட்டால் பணமே தர வேண்டும், 2019 நுகர்வோர் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் அச்சடித்திருந்தாலும் அது செல்லாது.