ஏடிபி ஊற்றியும் தசையிழை ஏன் தளரவில்லை? கேள்வி பதில்

கிளிசரினில் வைத்திருந்த தசையிழையில் ஏடிபி சொட்டினேன். தளரும் என்று பார்த்தால் பாதியாகச் சுருங்கிவிட்டது. ஏடிபி மயோசினை ஆக்டினிலிருந்து பிரிக்கும் என்பது பொய்யா?

பொய்யில்லை. பிரித்தது; பிரிந்த மயோசின் தலை மறுபடி போய் ஆக்டினைப் பிடித்துக்கொண்டது, அவ்வளவுதான். கழன்ற தலை ஏடிபியை உடைத்து நிமிர்ந்து நிற்கும். எதிரே ஆக்டினில் இடம் திறந்திருந்தால் பற்றி இழுக்கும். அந்த இடத்தை மூட ஆக்டின்மேல் படிந்திருக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் வேண்டும். அதோடு இணைந்த ட்ரோபோனினில் கால்சியம் இருக்கும்வரை அது மூடாது. நீங்கள் கால்சியம் சேர்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் காய்ச்சி வடித்த தண்ணீரிலும் கண்ணாடியிலும் ஒட்டியிருக்கும் சில மைக்ரோமோலாரே போதும். ஓய்விலிருக்கும் தசைக்குள் இருப்பது 0.1 மைக்ரோமோலார் அளவுதான்.

முதலில் ஏடிபி இல்லாத கரைசலில், கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் ஈஜிடிஏ 5 மில்லிமோலார் போட்டு ஊறவிடுங்கள். பிறகு அதே ஈஜிடிஏயோடு 5 மில்லிமோலார் ஏடிபியும், அதைவிடச் சற்றுக் கூடுதலாக மக்னீசியமும் உள்ள கரைசலுக்கு மாற்றுங்கள். பிஎச் 7. ஏடிபியின் சோடிய உப்பு அமிலம். சரிசெய்யாமல் ஊற்றினால் பிஎச் இறங்கும். ஒரு எண் இறங்கினாலே ஈஜிடிஏயின் கால்சியப் பிடிப்பு ஏறக்குறைய நூறில் ஒரு பங்காகிவிடும்.

ஈஜிடிஏ கிடைக்கவில்லை, ஈடிடிஏ போடலாமா?

கூடாது. மக்னீசியத்தையும் வாரிக்கொள்ளும். மயோசினுக்கு வேண்டியது மக்னீசியத்தோடு சேர்ந்த ஏடிபி.

எனக்கு இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது. ஏடிபி தீர்ந்துவிட்டதா?

இல்லை. அது நரம்பு விடாமல் தூண்டுவதால் வருவது, மின்பதிவில் தெரியும். ஏடிபி தீர்ந்த விறைப்பில் மின்பதிவு மௌனமாக இருக்கும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கால்சியம் இல்லாவிட்டால் சுருக்கமே கிடையாது. எனவே முதல் கேள்விக்காரருக்கு ஈஜிடிஏ போட்டதும் எல்லாம் சரியாகிவிடும்.

பாதி சரி. ஏடிபி மைக்ரோமோலார் அளவுக்குக் குறைந்தால் சில தலைகள் கழலாமல் ஆக்டினில் ஒட்டியே நிற்கும். அவை ட்ரோபோமயோசினைத் தள்ளிப் பிடித்து, பக்கத்துத் தலைகளுக்கு வழிவிடும். கால்சியம் துளியும் இல்லாமல் இழை இழுக்கும். அதனால்தான் சொட்டுச் சொட்டாக ஊற்றாதீர்கள் என்கிறேன்: குறைந்த அளவைக் கடக்கும் நேரத்திலேயே இழை சுருங்கிவிடும்.

அப்படியானால் தடித்த கற்றையில்?

நல்ல கேள்வி. ஏடிபி உள்ளே ஊறுவதற்குள் வெளியிழைகளே தின்றுவிடும். நடுப்பகுதி விறைத்தே கிடக்கும், அதன் ஓரம் சுருங்கும். ஊசியால் பிரித்து ஒற்றை இழையில் செய்யுங்கள். அது தளர்ந்து கற்றை தளராவிட்டால் குற்றம் தடிமனில்தான்.

ஏடிபி உடைந்து வரும் பாஸ்பேட் மயோசின் தலையிலிருந்து வெளியேறிய பிறகுதானே இழுப்பு? முன்பா?

பாடநூல் “பிறகு” என்கிறது. இழுப்பு முதலில், பாஸ்பேட் பின்னால் என்று காட்டும் அளவீடுகளும் உண்டு. சண்டை இன்னும் ஓயவில்லை.

ஏடிபி ஊற்றியும் தளரவில்லை, என்ன செய்ய?

மேலே படியுங்கள். ஈஜிடிஏ, பிஎச், தடிமன், அதே வரிசையில்.