385 வீடு போதுமா?

அக்கா, நான் எம்.எஸ்.டபிள்யூ. இறுதியாண்டு. எங்கள் நகராட்சியில் 18,000 வீடு, பக்கத்து ஊராட்சியில் 900 வீடு. எத்தனை சதவீதம் பேர் குப்பையைப் பிரித்துக் கொடுக்கிறார்கள் என்று இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கண்டுபிடிக்க வேண்டும், பிழை 5 சதவீதத்துக்குள். மொத்தத்தில் பத்து சதவீதம் எடு என்கிறார் கைடு. நெட்டில் எல்லோரும் 385 என்கிறார்கள். நகராட்சியில் 20 தெரு, தெருவுக்கு 20 வீடு, ஆக 400 எடுக்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

அன்புள்ள தங்கைக்கு,

பத்து சதவீதக் கணக்கை முதலில் விட்டுவிடு. அதன்படி போனால் நகராட்சியில் 1800 வீடு ஏறி இறங்குவாய், பிழை 2.2 சதவீதப் புள்ளி. ஊராட்சியில் 90 வீடு, பிழை 9.8. ஒரே விதி, ஒரு பக்கம் தேவைக்கு மேல் உழைப்பு, இன்னொரு பக்கம் உதவாத விடை. அந்த 385 வருவது இப்படி:

```
n = z² × p × (1 − p) / e²
  = 1.96² × 0.5 × 0.5 / 0.05² = 384.16
```

1.96 என்பது 95 சதவீத நம்பிக்கைக்கான எண். n எடுக்கவேண்டிய வீடு. p பிரித்துக் கொடுப்பவர்களின் பங்கு, அது உனக்கு இன்னும் தெரியாதது, அதனால் பிழை மிக அதிகமாக வரும் 0.5-ஐப் போடுகிறோம். e நீ கேட்ட 5 சதவீதம். ஊரின் அளவு இதில் எங்கேயுமே இல்லை பார். சின்ன ஊராக இருந்தால் மட்டும் ஒரு திருத்தம் உண்டு: 384.16-ஐ (1 + 383.16/N) ஆல் வகுக்க வேண்டும், N மொத்த வீடு. 18,000-க்கு 377 வருகிறது, கிட்டத்தட்ட மாற்றமே இல்லை. 900-க்கு 270. ஊராட்சியில் எல்லா வீட்டுக்கும் பட்டியல் கிடைத்துவிடும், அதிலிருந்து 270 வீட்டைக் குலுக்கி எடு, முடிந்தது.

சிக்கல் நகராட்சியில்தான். அந்த 385 என்பது ஊர் முழுக்க ஒவ்வொரு வீடாகக் குலுக்கி எடுத்தால் வரும் எண். நீ குலுக்கப்போவது தெருவை. நான் ஒரு சர்வேயில் படிவங்களைத் தெரு வாரியாக அடுக்கிப் பார்த்தேன்: ஒரு தெருவில் 20-க்கு 17 'ஆம்', அடுத்த தெருவில் 20-க்கு 3. காரணம் சாதாரணமானது. முதல் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளர் கலந்து கொடுத்தால் வாங்கமாட்டார், இரண்டாவது தெருவில் எல்லாம் ஒரே வண்டியில் கொட்டப்படுகிறது. அப்படிப்பட்ட தெருவில் நாலு வீடு கேட்டதும் மீதிப் பதினாறு வீடு என்ன சொல்லும் என்பது பாதி தெரிந்துவிடுகிறது, அவற்றால் கிடைக்கும் புதுத் தகவல் கொஞ்சம்தான்.

இதை அளக்க வழி உண்டு: 1 + (m − 1) × ρ. m தெருவுக்கு எத்தனை வீடு, ρ ஒரே தெரு வீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பது. ρ 0.1 என்று வைத்தால்கூட, தெருவுக்கு 20 வீட்டுக்கு 2.9 வருகிறது. 400-ஐ இதால் வகுத்தால், உன் 400 வீடு குலுக்கி எடுத்த 138 வீட்டுக்குத்தான் சமம், பிழை 5 இல்லை, 8.3. அதே 400-ஐ 50 தெருவில் எட்டெட்டு வீடாகப் பிரித்தால் 1.7, பிழை 6.4. ஐந்துக்குள் வரவேண்டும் என்றால் 385 × 1.7, அதாவது 655 வீடு, 82 தெரு. குழந்தைகளின் தடுப்பூசிக் கணக்கெடுப்புக்கு உலக சுகாதார நிறுவனம் பல காலம் பயன்படுத்திய 30 இடம், இடத்துக்கு 7 குழந்தை என்ற முறையும் இதே கணக்குதான்: 10 சதவீதப் பிழைக்கு 96 பேர், அதை இரண்டால் பெருக்கி 192, முப்பதால் வகுத்தால் ஆறரைக்குப் பக்கம், ஏழாக்கிவிட்டார்கள்.

ρ உன் ஊரில் எவ்வளவு என்று முன்கூட்டியே தெரியாது. முதலில் ஆறேழு தெருவில் எட்டு வீடு போய்ப் பார். தெருவுக்குத் தெரு 'ஆம்' எண்ணிக்கை பெரிதாக ஏறி இறங்கினால் 0.1 போதாது, இன்னும் அதிகத் தெரு வேண்டும். அப்புறம், தெருவைக் குலுக்கும்போது 200 வீட்டுத் தெருவுக்கும் 15 வீட்டுச் சந்துக்கும் ஒரே வாய்ப்புக் கொடுக்காதே, வீட்டு எண்ணிக்கைக்கு ஏற்ற வாய்ப்புக் கொடு.

82 தெருவுக்கு ஆள் இல்லை என்றால் 50 தெருவோடு நிறுத்து, ஆனால் அறிக்கையில் பிழை 6.4 என்றே எழுது. தயவுசெய்து 5 என்று எழுதாதே.

பூட்டிய வீடு வந்தால் பக்கத்து வீட்டில் கேட்டுக்கொள்ளாதே. பகலில் பூட்டியிருப்பது இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீடு, காலையில் வண்டி வரும்போதும் பல நேரம் ஆள் இருக்கமாட்டார்கள், குப்பை மொத்தமாகத் தெருமுனைக்குப் போகும். அவர்களை விட்டுவிட்டால் உன் சதவீதம் உயர்ந்தே வரும், இன்னும் ஆயிரம் வீடு சேர்த்தாலும் அது இறங்காது. மாலை ஆறு மணிக்கு மேல் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை அதே கதவைப் போய்த் தட்டு.