போன் வாங்கும்போது கடைல தள்ளிவிடுற ரெண்டு பிளான், எதுக்கு காசு குடுக்கலாம்?

கேள்வி: சார், பையன் இந்த வருஷம் காலேஜ் சேர்றான், ஹாஸ்டல். 24,000 ரூபாய்ல ஒரு போன் பாத்து வச்சிருக்கோம். கடைல எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி 1,299, ஆக்சிடென்டல் டேமேஜ் பிளான் 1,799, ரெண்டும் சேத்து எடுத்தா 2,699னு சொல்றாங்க. எடுக்கலாமா, இல்ல வேஸ்ட்டா?

பதில்: எக்ஸ்டெண்டட் வாரண்ட்டி வேணாம்ங்க. டேமேஜ் பிளானை மட்டும் யோசிக்கலாம், அதையும் சர்வீஸ் சென்டருக்கு ஒரு போன் போட்டு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.

கடைல ரெண்டையும் "ப்ரொடெக்ஷன்"னு ஒரே பேர்ல சொல்லிடுவாங்க, ஆனா ரெண்டும் வேற வேற. எக்ஸ்டெண்டட் வாரண்ட்டிங்கிறது கம்பெனி குடுக்குற ஒரு வருஷ வாரண்ட்டி முடிஞ்ச மறுநாள்தான் ஆரம்பிக்கும், போன் தானா பழுதானா மட்டும்தான் பாப்பாங்க. கீழ விழுந்தது, தண்ணி பட்டது எதுவும் அதுல வராது. டேமேஜ் பிளான் வாங்கின அன்னைக்கே ஆரம்பிச்சிடும் (சிலதுல ஆக்டிவேட் ஆக ரெண்டு மூணு நாள் ஆகும்), விழுறது உடையிறதுக்குத்தான் அது. "ரெண்டு வருஷ கவர்"னு சொன்னா எந்த வருஷத்துக்கு எதுன்னு தேதியோட கேளுங்க, ஏன்னா முதல் வருஷம் கம்பெனி வாரண்ட்டி உங்களுக்கு எப்படியும் சும்மாவே இருக்கு.

இப்ப அந்த மாடலுக்கு ஒரிஜினல் டிஸ்ப்ளே மாத்த எவ்வளவு ஆகும்னு சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, ஜிஎஸ்டி, கூலி எல்லாம் சேத்து. 7,500னு சொல்றாங்கன்னு வைங்க. பிளான்ல ஒவ்வொரு க்ளெய்முக்கும் ப்ராசஸிங் ஃபீஸ் 500 இருந்தா உங்களுக்கு மிச்சம் 7,000. அதுக்கு 1,799 குடுக்குறீங்க, அதாவது நாலு பசங்கள்ல ஒருத்தனாவது வருஷத்துக்குள்ள ஸ்க்ரீனை உடைப்பான்னா கணக்கு சரியா வரும். ஹாஸ்டல்ல மேல் பெர்த் கட்டில், பஸ் பயணம், பழைய போன்ல ஏற்கனவே கீறல்னா எடுத்துடுங்க. அதே டிஸ்ப்ளே 3,500தான்னா மிச்சம் 3,000, அப்ப அஞ்சுல மூணு பேர் உடைச்சாத்தான் கட்டுப்படியாகும், அந்த காசுக்கு நல்ல கேஸும் டெம்பர்ட் கிளாஸும் போட்டு மீதிய கைல வச்சுக்கலாம்.

எக்ஸ்டெண்டட் வாரண்ட்டிய ஏன் வேணாங்கிறேன்னா, தயாரிப்புல குறை இருக்குற போன் பெரும்பாலும் முதல் சில மாசத்துலயே காட்டிக் குடுத்துடும், அப்ப கம்பெனி வாரண்ட்டியே இருக்கு. ரெண்டாவது வருஷம் நிறைய பேருக்கு வர்ற தொல்லை பேட்டரி சீக்கிரம் இறங்குறது, அத தேய்மானம்னு சொல்லி பெரும்பாலான பிளான்ல தள்ளிடுவாங்க. போர்டே போச்சுன்னு க்ளெய்ம் பண்ணாலும் சில பிளான்ல அன்னைக்கு போனுக்கு என்ன மதிப்போ அதுக்கு மேல தரமாட்டாங்க. அதைவிட முக்கியமா, சர்வீஸ்ல போனை திறந்ததும் மொதல்ல பாக்குறது உள்ள ஒட்டியிருக்குற சின்ன ஸ்டிக்கர், வெள்ளையா இருந்தது சிவப்பானா தண்ணி பட்டிருக்குன்னு அர்த்தம். மூலைல நசுங்கல் இருந்தாலும் அதேதான், டிஸ்ப்ளே தானா போயிருந்தாலும் "ஃபிசிக்கல் டேமேஜ்"னு எழுதி திருப்பி குடுத்துடுவாங்க. ஒரு வருஷம் ஹாஸ்டல்ல புழங்குன போன்ல ஒரு நசுங்கல்கூட இல்லாம இருக்குமான்னு நீங்களே சொல்லுங்க.

பெரிய டிவி வாங்குறப்ப மட்டும் நான் இதுக்கு நேர்மாறா சொல்லுவேன், பேனல் போனா ரிப்பேர் செலவு கிட்டத்தட்ட புது டிவி விலைக்கு வந்துடும், அங்க எக்ஸ்டெண்டட் வாரண்ட்டிக்கு அர்த்தம் இருக்கு, பேனல் கவர் ஆகுதான்னு மட்டும் எழுத்துல பாத்துக்குங்க.

டேமேஜ் பிளான் எடுத்தா, "ஸ்க்ரீன் மட்டும்"னு இருக்கா, தண்ணி பட்டதும் சேத்தியா, வருஷத்துக்கு எத்தனை க்ளெய்ம், இத கேட்டுக்குங்க. திருட்டு பெரும்பாலும் இதுல வராது. பில்லுல இருக்குற ஐஎம்இஐ நம்பரும் பிளான் சர்டிபிகேட்ல இருக்குறதும் ஒண்ணான்னு கடைலயே நின்னு பாருங்க, *#06# அடிச்சா போன்லயே தெரியும். உடைஞ்சா எத்தனை நாளைக்குள்ள சொல்லணும்னு ஒரு கெடு இருக்கும், அத பையன்கிட்ட சொல்லி வைங்க, பக்கத்து கடைல குடுத்து பிரிச்சுட்டு அப்புறம் க்ளெய்ம் பண்ணா போச்சு.

ஆன்லைன்ல வாங்குறீங்கன்னா ஷாப்பிங் கார்ட்ல பிளான் தானா டிக் ஆகியிருக்கான்னு பாருங்க, இருந்தா அந்த டிக்கை நீக்கிடுங்க. நீங்க கேக்காம சேக்குறதை 2023லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை பண்ணிட்டாங்க, அப்படி காசு போயிருந்தா 1915க்கு கூப்பிட்டு புகார் குடுக்கலாம்.